பதினெட்டாவது வாரம் ஏறிய டி.எஸ்.எச்.: கர்ப்பகாலத் தைராய்டு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பொதுமருத்துவம் பார்க்கும் எனக்கு, தைராய்டு மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் மாதத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். பெரும்பாலும் அளவை ஒருமுறையோ இருமுறையோ கூட்டினால் சரியாகிவிடும். இந்தப் பெண்ணுக்கு அப்படி ஆகவில்லை. அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். எண் இறங்க மறுத்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச்.; அது ஏறினால் தைராய்டு ஹார்மோன் போதவில்லை, மிகவும் இறங்கினால் கூடிப்போயிற்று என்று பொருள். காரணம் என் மருந்துச் சீட்டுக்கு வெளியே இருந்தது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு 4 வாரம் பிடித்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அவருக்கு வயது 28, எடை 58 கிலோ. முதல் கர்ப்பம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இவர் மாமியார், கணவரின் அப்பத்தா ஆகியோருடன் புகுந்த வீட்டில் இருக்கிறார். 3 வருடத்துக்கு முன்பு முடி கொட்டுகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்று வந்தபோது ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய் தெரியவந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும் நோய் இது. அன்றிலிருந்து தினமும் 75 மைக்ரோகிராம் லீவோதைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை. திருமணத்துக்குப் பின் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்று சொன்னபோது எடுத்த டி.எஸ்.எச். 1.9. கருத்தரிக்கும் முன்பே 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்பதால் அளவை மாற்றவில்லை.

அப்போதே ஒன்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் பரிசோதித்து இரண்டு கோடு வந்தால் என்னைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றிலிருந்தே வாரத்தில் இரண்டு நாள் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட வேண்டும். வாரத்துக்கு 7 மாத்திரை 9 ஆகும், அதாவது அளவு ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். அதன் பிறகு வந்து ரத்தம் கொடுத்தால் போதும். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வதுதான் இது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வயிற்றில் இருக்கும் சிசுவின் தைராய்டு 10, 12 வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது. போதுமான ஹார்மோனைச் சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டியதைத் தாயின் ரத்தம்தான் கொடுத்தாக வேண்டும். அதே சமயம் தாயின் தேவையும் ஏறுகிறது. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது தைராய்டு ஹார்மோனைச் சுமந்து திரியும் புரதம் ரத்தத்தில் பெருகி, ஹார்மோனை நிறையப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நஞ்சுக்கொடியும் தன் பங்குக்கு ஹார்மோனைச் சிதைக்கிறது. நல்ல சுரப்பி உள்ள பெண்ணுக்கு அது தானாகவே கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். அரிபட்ட சுரப்பிக்கு அந்தத் தெம்பு கிடையாது, மாத்திரைதான் ஏற வேண்டும். கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேயே தொடங்கும் இந்த ஏற்றம், முழுக் கர்ப்பத்தையும் கணக்கில் எடுத்தால் பழைய அளவைவிடக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை போகும்.

நிறுத்தப்பட்ட 12 நாள்

ஆறரை வாரத்தில் மாமியாருடன் வந்தார். கூடுதல் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். உடனே பதில் சொல்லாமல் மாமியாரைப் பார்த்தார், பிறகு சொன்னார்:

“அப்பத்தாதான் டாக்டர், வயித்துல பிள்ளை தங்கியிருக்கையிலே என்னத்துக்கு மாத்திரையும் மருந்தும்னு சொன்னாக. 12 நாளா போடலை.”

கூட வந்த மாமியாரிடம், “ஆச்சி, காய்ச்சலுக்கோ தலைவலிக்கோ போடுற மருந்து மாதிரி இல்லை இது. உங்களுக்கும் எனக்கும் கழுத்தில் சுரக்கிறதே, அதே பொருள்தான். இவங்களுக்குச் சுரப்பதில்லை, அதனால வாய் வழியாகக் கொடுக்கிறோம். நிறுத்தினால்தான் பிள்ளைக்குக் குறை” என்றேன். பழைய ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. கர்ப்பத்தில் கண்ட மருந்தையும் போடாதே என்பது பொதுவில் நல்ல புத்திதான். ஆனால் அதற்கு விலக்கான மாத்திரையும் உண்டு என்பதை வீட்டில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், நான் மருமகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

டி.எஸ்.எச். 9.4 இருந்தது. லீவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். எனவே 12 நாளில் முழுதும் தீர்ந்துபோயிருக்காது, ஆனால் கணிசமாக இறங்கியிருக்கும். 75-ஐ 100 ஆக்கித் தொடங்கினேன். 4 வாரம் கழித்து, 10-ஆவது வாரத்தில், 2.9. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று 112-க்கு ஏற்றினேன். 14-ஆவது வாரத்தில் 1.9. மனசு நிம்மதியானது. இந்த 14-ஆவது வாரத்து எண்ணை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு இதுதான் எனக்குக் கைகொடுத்தது.

இடையில் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அந்த 12 நாளால் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? நீண்ட நாள் சிகிச்சை இல்லாமல் விடப்பட்ட கடுமையான தைராய்டு குறைபாட்டில்தான் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், ரத்தக் கொதிப்பு, பிள்ளையின் அறிவு வளர்ச்சியில் பின்னடைவு ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. அவருக்கு இருந்தது குறுகிய, மிதமான குறைவு. ஆபத்து குறைவு என்று சொன்னேன், ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்கேனில் தெரியுமா என்றார். தெரியாது. கை, கால், இதயம், முதுகெலும்பு ஆகியவற்றின் அமைப்பைத்தான் அந்த ஸ்கேன் பார்க்கும், ஹார்மோன் குறைவு மூளைக்குச் செய்வதை அதில் காண முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால், ஸ்கேன் நன்றாக வந்ததும் மாத்திரையில் அசட்டை வந்துவிடும்.

எண் ஏன் இறங்கவில்லை

18-ஆவது வாரத்தில் டி.எஸ்.எச். 7.4.

நான் அப்போது செய்தது பழக்கத்தில் செய்த காரியம். கர்ப்பம் வளர்கிறது, தேவையும் வளர்கிறது என்று எண்ணிக்கொண்டு 112-ஐ 137 ஆக்கினேன். மறுபடி 4 வாரம் போனது. 22-ஆவது வாரத்தில் 6.1. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனின் அளவும் கீழ் எல்லையை ஒட்டி நின்றது. அளவு ஏறியும் எண் இவ்வளவுதான் நகர்கிறதென்றால் ஏதோ இடிக்கிறது. அன்றைக்குத்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன்.

மாத்திரை ஏற ஏற டி.எஸ்.எச். இறங்காவிட்டால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். போடவில்லை, தேவை உண்மையிலேயே கூடிவிட்டது, அல்லது போட்டும் குடலில் சேரவில்லை. முதலாவது அவர் விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதான். புட்டியை வாங்கி மேஜையில் கொட்டி எண்ணினேன். 100 மாத்திரை உள்ள புட்டி, திறந்து 28 நாள், மிச்சம் 72. ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், “நம்பலையா டாக்டர்” என்றார். இரண்டாவது காரணமும் ஒத்துவரவில்லை. 14-ஆவது வாரத்தில் 1.9 இருந்தது 4 வாரத்தில் 7.4 ஆவது கர்ப்பத்தின் இயல்பான ஏற்றத்துக்கு மீறிய தாவல். அதுவும் 16, 20 வாரத்துக்கு மேல் அந்த ஏற்றம் பெரும்பாலும் தட்டையாகிவிடும். வாந்தியும் 13-ஆவது வாரத்தோடு நின்றிருந்தது. எனவே மூன்றாவதுதான். 14-க்கும் 18-க்கும் இடையில் என்ன புதிதாக வந்தது?

மறுநாள் வீட்டில் இருக்கும் மருந்து, டானிக், பவுடர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என்னுடைய தைராய்டு புட்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14-ஆவது வாரத்திலிருந்து கொடுத்துவரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. சுண்ணாம்புச்சத்து மாத்திரை அட்டை இரண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும். எதிலும் தவறு இல்லை, எல்லாமே கர்ப்பிணிக்கு வேண்டியவை.

“காலையில் எழுந்ததிலிருந்து சொல்லும்மா, ஒவ்வொண்ணா.”

“அஞ்சரைக்கு எழுந்திருப்பேன். தைராய்டு மாத்திரையைப் போடுவேன். அயித்தை காப்பி கொண்டாந்து கொடுப்பாக. அப்பறம் வெறும் வயித்துல குடிச்சாத்தான் ரத்தம் ஊறும்னு அப்பத்தா டானிக் ஊத்திக் கொடுப்பாக. ஆறு ஆறேகாலுக்குள்ள சுண்ணாம்பு மாத்திரையையும் போட்டுருவேன். பகல்ல மறந்துபோயிரும்ல, காலையிலயே எல்லாத்தையும் முடிச்சுட்டா நிம்மதி.”

இரும்பு இரவிலும் ஒரு மாத்திரை. ஆக, தைராய்டு மாத்திரை இரைப்பையைத் தாண்டுவதற்குள் இரும்பும் சுண்ணாம்பும் மேலே வந்து விழுகின்றன. இரும்பு குடலில் லீவோதைராக்சினுடன் பிணைந்து கரையாத ஒன்றாகிவிடும். சுண்ணாம்பு அதைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் மலத்தோடு போய்விடும். 112 போட்டாலும் 137 போட்டாலும் ரத்தத்துக்குப் போவது ஒரு பகுதிதான். நான் ஏற்றிய 25 மைக்ரோகிராமிலும் கொஞ்சமாவது ரத்தத்தில் சேர்ந்ததால்தான் எண் 7.4-இலிருந்து 6.1-க்காவது வந்திருக்கிறது.

அப்பத்தா சொன்னது பாதி சரி என்பதையும் சொல்லியாக வேண்டும். இரும்பு வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். இரண்டு மருந்துக்கும் ஒரே நேரம் வேண்டியிருந்ததுதான் சிக்கல்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பால் காப்பியும் லீவோதைராக்சின் சேர்வதைக் குறைக்கும், அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆனால் இவர் 3 வருடமாக மாத்திரை போட்ட கையோடு காப்பி குடித்துதான் 75-இல் 1.9 எண்ணைத் தந்திருக்கிறார். அதாவது காப்பியால் குறைவது ஏற்கெனவே அளவுக்குள் அடங்கிவிட்டது. மாறாத பழக்கம் எண்ணைக் கெடுக்காது, புதிதாக வரும் மாற்றம்தான் கெடுக்கும். இனிமேல் காப்பியை அரை மணி தள்ளிவைத்தால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

நேரத்தை மாற்றியது

வீட்டில் யார் எப்போது எழுந்து எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுத்தான் நேரம் குறித்தோம். நான் மனக்கணக்கில் சொல்லும் நேரம் நடைமுறைக்கு வராது என்பது அனுபவம். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, தண்ணீருடன் மட்டும். ஆறு மணிக்கு மேல் காப்பி. சுண்ணாம்பு மாத்திரை மதியம் ஒரு மணிச் சாப்பாட்டோடு ஒன்று, மாலை ஐந்து மணிப் பலகாரத்தோடு ஒன்று. இரும்பு மாத்திரை இரவு ஒன்பதரைக்கு, ஏழரை மணிச் சாப்பாடு இறங்கிய பிறகு. தைராய்டுக்கும் மற்ற இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இங்கே அது தாராளமாகக் கிடைத்தது. இரும்புக்கும் சுண்ணாம்புக்கும்கூட ஒன்றோடு ஒன்று ஆகாது, அதற்கும் நாலரை மணி நேரம் கிடைத்தது. டானிக்கை என்ன செய்வது என்று சுகாதார நிலையச் செவிலியரிடம் பேசினேன். ஹீமோகுளோபின் 11.2 இருந்ததால் தினமும் ஒரு மாத்திரையே போதும், மேலே டானிக் வேண்டாம் என்று அங்கே இருந்த மருத்துவரும் ஒத்துக்கொண்டார். இரும்பை நிறுத்திவிடலாமா என்று மாமியார் கேட்டார். கூடாது. தைராய்டுக்காக ரத்தசோகையை விலைக்கு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

அளவை என்ன செய்வது என்பதில்தான் நான் தயங்கினேன். 6.1 இருக்கும்போது மாத்திரையைக் குறைப்பது யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர், மகப்பேறு மருத்துவர், 137-ஐ அப்படியே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் மாற்று என்றார். அதுவும் தப்பில்லை. ஆனால் தடை நீங்கினால் 137-உம் முழுதாக உள்ளே போகும், காப்பி தள்ளியதால் இன்னும் கொஞ்சம் சேரும். 112-இல் தடையில்லாமல் 1.9 வந்தது என்று ஏற்கெனவே எனக்குத் தெரியும். அளவுக்கு மீறிப் போனால் தாய்க்குப் படபடப்பு, தூக்கமின்மை, பிள்ளைக்கும் நல்லதில்லை. 112-க்கே திரும்பினேன். பாதுகாப்புக்கு 4 வாரம் காத்திராமல் 3 வாரத்திலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. இதைப் படிக்கிறவர்கள் தங்களுக்கு இப்படிச் செய்துகொள்ளக் கூடாது. 14-ஆவது வாரத்து எண் கையில் இருந்ததால் எடுத்த முடிவு இது, அது இல்லாவிட்டால் நானும் நண்பர் சொன்னபடிதான் செய்திருப்பேன்.

25-ஆவது வாரத்தில் 2.6. 29-ஆவது வாரத்தில் 2.0. 25 மைக்ரோகிராம் குறைத்தும் எண் இறங்கியது. ரத்தம் கொடுக்கும் அன்று காலையில் மட்டும் கொடுத்த பிறகு மாத்திரை போடச் சொல்லியிருந்தேன், இல்லாவிட்டால் தைராக்சின் அளவு பொய்யாகத் தூக்கிக் காட்டும்.

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனார். வீடு மாறினால் நேரமும் மாறும் என்று பயந்து, நேரத்தாளை இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தேன். ஒன்று ஆத்தா வீட்டு அஞ்சறைப்பெட்டி மேலே ஒட்டியிருந்ததாகக் கேள்வி.

பிரசவத்துக்குப் பிறகு

39-ஆவது வாரத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.9 கிலோ. மூன்றாம் நாள் எடுத்த குழந்தையின் டி.எஸ்.எச். சரியாக இருந்தது. இந்தப் பரிசோதனையைத் தாய்க்குத் தைராய்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வது நல்லது, ஏனென்றால் பிறவியிலேயே வரும் குறைபாடு முதல் சில வாரங்களில் வெளியே தெரியாது.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவந்தவர் என்னையும் பார்க்க வந்தார். எடை 54 கிலோ. கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிட 4 கிலோ குறைவு. நெஞ்சு படபடக்கிறது, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது. வீட்டில் எல்லோரும் பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தேன், தாள் சிலிர்த்தது. நாடி 108. டி.எஸ்.எச். 0.08.

இன்னும் 112-தான் போட்டுக்கொண்டிருந்தார். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு தேவை பழையபடி ஆகிவிடும், மறுநாளிலிருந்தே 75-க்குத் திரும்ப வேண்டும். அதை நான் வாயால்தான் சொல்லியிருந்தேன். பிரசவத்துக்குச் சேர்ந்த இடத்தில் வெளியேறும்போது கொடுத்த சீட்டில் தைராய்டு மாத்திரை 112, தொடரவும் என்று இருந்தது. அவர்கள் அறிந்த அளவு அது, எழுதியிருக்கிறார்கள். என் மருந்துச் சீட்டில் “பிரசவத்துக்குப் பிறகு 75” என்று ஒரு வரி எழுதத் தவறியது நான்.

இருந்தாலும் எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதத்தில் சுரப்பி வீங்கி, தேங்கியிருந்த ஹார்மோன் வெளியே கொட்டுவது உண்டு. அதிலும் இதே படபடப்பு, இதே குறைந்த டி.எஸ்.எச். தான். பிறகு அது தலைகீழாகக் குறைபாட்டுக்குள் போகும். இரண்டையும் பிரிக்க எளிய வழி அளவைச் சரிசெய்துவிட்டுக் காத்திருப்பதுதான். 75-க்குக் குறைத்த 6 வாரத்தில் படபடப்பு போய், டி.எஸ்.எச். 1.6 ஆனது. சுரப்பி வீக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக வந்து நின்றிருக்காது, மேலும் கீழும் ஆடியிருக்கும். எனவே கூடுதல் மாத்திரைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். தாய்ப்பால் கொடுப்பதை ஒருநாளும் நிறுத்தச் சொல்லவில்லை. சரியான அளவில் லீவோதைராக்சின் சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாம், அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகள் பால் கொடுக்கும் காலத்திலும் தொடர்கின்றன, எனவே நேரத்தாளும் தொடர்கிறது. இந்த முறை அளவைச் சீட்டிலும் அவர் அட்டையிலும் எழுதிக் கொடுத்தேன். சுரப்பி வீக்கம் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் 3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது மஞ்சள் பையையும் கொண்டுவரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே போனார்.